ஒன்பது வருடம் கிடந்த கோப்பு: ஒழுக்காற்று விசாரணைத் தாமதம் எப்போது கை கொடுக்கும்?

ஹட்டன் பக்கத்தில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் இருக்கிறார், விசாரணைக் கடிதங்கள் எழுதித் தருவார் என்று யாரோ சொல்லி, அரச உத்தியோகத்தர்கள் என் வீட்டுக்கு வருவார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது ஒன்றுதான். “சேர், சம்பவம் நடந்து பத்து வருடமாகிறது. இனிமேல் விசாரிக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? தாமதம் என்று சொல்லியே குற்றச்சாட்டைத் தூக்கிவிடலாம்தானே?”

தூக்கலாம். ஆனால் வருடக் கணக்கை மட்டும் காட்டித் தூக்க முடியாது. அந்த வருடங்கள் யாருடைய கையில் கழிந்தன, அவர்களிடம் அதற்கு விளக்கம் இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தது ஓர் அதிபரின் விவகாரம். தோட்டப் பாடசாலை ஒன்றில் நீண்டகாலம் அதிபராக இருந்தவர். விசாரணையில் அவர் சார்பில் பேசும் உத்தியோகத்தராக நான் போனேன். பெயரோ பாடசாலையோ இங்கே வேண்டாம்.

விசயம் கூரைத் தகரம். 2008 நடுப்பகுதியில் வகுப்பறைக் கட்டடம் ஒன்றுக்கு 62 தகரங்கள் வந்தன. 2009 மார்ச்சில் கணக்காய்வுக்கு வந்தவர்கள் எண்ணியபோது அந்தக் கட்டடத்தின் கூரையில் 48தான் இருந்தன. மீதி 14 எங்கே என்று எழுத்தில் கேட்டார்கள். காற்றில் ஆசிரியர் விடுதியின் கூரை பிய்ந்துபோனது, அவசரத்துக்கு அந்த 14 தகரத்தையும் அங்கே அடித்தோம், சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் பதிந்திருக்கிறேன் என்று அடுத்த மாதமே அதிபர் பதில் கொடுத்தார். 2010 ஜனவரியில் ஆரம்ப விசாரணைக்கு ஒருவர் வந்து வாக்குமூலம் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. விவகாரம் முடிந்துவிட்டதென்று அதிபர் நினைத்துக்கொண்டார்.

குற்றச்சாட்டுப் பத்திரம் வந்தது 2018 ஆகஸ்டில். கணக்காய்வு கேள்வி கேட்ட நாளிலிருந்து ஒன்பது வருடமும் ஐந்து மாதமும் கழித்து.

அவர் பணித்தடை செய்யப்படவில்லை, சம்பளமும் வந்துகொண்டிருந்தது. ஆனால் தர உயர்வுக்கு விண்ணப்பித்தபோதெல்லாம் ‘ஒழுக்காற்று நடவடிக்கை நிலுவையில் உள்ளது’ என்ற ஒரே வரியில் விண்ணப்பம் திரும்பி வந்தது. அவருக்குப் பின் சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள்.

அவர் வீட்டில் உட்கார்ந்து பத்திரத்தை வாசித்துவிட்டு, “இந்த 14 தகரத்தையும் இப்போது போய்ப் பார்க்கலாமா சேர்?” என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

“விடுதியை 2015ல் இடித்துவிட்டார்கள் தம்பி. அந்த இடத்தில் இப்போது ஆரம்பப் பிரிவுக் கட்டடம் நிற்கிறது.”

“தகரம் அடித்தவர்?”

“தோட்டத்துத் தச்சு பாஸ். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருடம்.”

சம்பவத் திரட்டை அலுமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். மலைநாட்டு ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, புத்தகம் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. அந்த மாதத்துப் பக்கத்தைக் கத்தி முனையால் மெதுவாகப் பிரித்தோம். நீல மை பரவிப்போயிருந்தது. ‘விடுதி’ என்ற சொல்லும் அதிபரின் கையொப்பத்தின் பாதியும் தெரிந்தன. எத்தனை தகரம் என்ற எண் இருந்த இடத்தில் ஒரு நீலத் திட்டுத்தான் இருந்தது.

2010லேயே விசாரித்திருந்தால், விசாரணை உத்தியோகத்தர் ஏணி வைத்து ஏறி விடுதிக் கூரையிலுள்ள புதுத் தகரங்களை எண்ணியிருக்கலாம். பாஸைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ‘அதிக காலதாமதம், மனவேதனை’ என்று பொதுவாக எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். தாமதத்தால் எந்தச் சாட்சி, எந்தப் பொருள், எந்த ஆவணம் எந்த வருடத்தில் கைவிட்டுப் போனது என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். நாங்கள் அப்படித்தான் எழுதினோம்: விடுதி 2015, பாஸ் 2014, சம்பவத் திரட்டின் பக்கம்.

இந்த இடத்தில் இந்தியத் தீர்ப்புகளைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாமதத்தை மட்டுமே வைத்துக் குற்றச்சாட்டை இரத்துச் செய்யலாமா என்ற கேள்வியை அங்குள்ள உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்ப அலசியிருக்கிறது. நம் நீதிமன்றங்களை அவை கட்டுப்படுத்தமாட்டா. ஆனாலும் நம் சட்டத்தரணிகள் அவற்றை எடுத்துக்காட்டுகிறார்கள், நீதியரசர்களும் செவிகொடுக்கிறார்கள்.

எங்களுக்கு மிக நெருங்கி வந்தது 2005ல் முடிந்த மகாதேவன் வழக்கு. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தில் மேற்பார்வைப் பொறியியலாளராக இருந்தவர். 1990ல் ஒரு விற்பனைப் பத்திரம் கொடுத்ததில் முறைகேடு என்று 2000 ஜூனில் குற்றச்சாட்டுக் கொடுத்தார்கள். 1994–95 கணக்காய்வு அறிக்கையில்தான் விசயம் வெளிவந்தது என்று வாரியம் சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாரியத்தின் கணக்குகள் வருடாவருடம் கணக்காய்வு செய்யப்பட வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, அத்தனை காலம் தெரியாமலிருந்தது என்பது விளக்கமாகாது என்றது. இழுபட்ட நடவடிக்கையால் அவர் பட்ட துன்பம், கிடைக்கக்கூடிய தண்டனையைவிடப் பெரியது என்றும் சொல்லிக் குற்றச்சாட்டை இரத்துச் செய்து, ஓய்வுகாலக் கொடுப்பனவுகளைக் கொடுக்கச் சொன்னது. அதற்கு முன்னர் 1990ல் பானி சிங் வழக்கிலும், 1975–77ல் நடந்ததற்கு 1987ல் தொடங்கிய விசாரணையை, பன்னிரண்டு வருடத் தாமதத்துக்குத் திருப்தியான விளக்கம் இல்லை என்று நீதிமன்றம் அனுமதிக்கவில்லை.

இவற்றை மட்டும் வாசித்துவிட்டு நம்பிக்கையோடு வருகிறவர்களுக்கு நான் சமன்லால் கோயல் வழக்கையும் காட்டுவேன். பஞ்சாபில் ஒரு சிறைச்சாலையின் அத்தியட்சகர். கைதிகள் தப்பிய விவகாரத்தில் ஐந்தரை வருடம் கழித்து, 1992ல் குற்றச்சாட்டு. அந்த மாநிலத்து உயர் நீதிமன்றம் தாமதத்தைச் சொல்லி இரத்துச் செய்தது. 1995ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. குற்றச்சாட்டு பாரதூரமானது, விசாரணையும் பெரும்பாலும் முடிந்துவிட்டது, ஆகவே இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. 2012ல் மிர்தா வழக்கில் இன்னும் இறுக்கமாகச் சொன்னார்கள்: குற்றச்சாட்டுப் பத்திரத்தைத் தாமதத்துக்காகச் சாதாரணமாக இரத்துச் செய்யக் கூடாது, குற்றத்தின் கனத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தத் தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒன்று தெளிவாகும். மகாதேவனுக்குக் கை கொடுத்தது பத்து வருடம் என்ற நீளம் மட்டுமல்ல. திணைக்களத்துக்கு அந்த விசயம் எப்போது தெரிந்தது அல்லது எப்போது தெரிந்திருக்க வேண்டும் என்ற திகதியும், அதற்குப் பிறகு சும்மா இருந்ததற்கு ஏற்கத்தக்க காரணம் இல்லாததும்தான். ஒளித்துவைக்கப்பட்ட மோசடி பத்து வருடம் கழித்து வெளிப்பட்டால், கடிகாரம் வெளிப்பட்ட நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். எங்கள் அதிபரின் விசயத்தில் ஒளிவு எதுவும் இல்லை. கேட்டார்கள், பதில் கொடுத்தார், வாக்குமூலமும் எடுத்துவிட்டார்கள்.

ஆனால் ஆரம்ப விசாரணை அறிக்கை எப்போது முடிந்தது? அது எங்களுக்குத் தெரியாது. திணைக்களம் ‘ஆரம்ப விசாரணையே 2017 வரை நடந்தது’ என்று சொன்னால் எங்கள் வாதம் பாதி விழுந்துவிடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கேதான் உதவியது. சாட்சிகளின் வாக்குமூலத்தையோ அறிக்கையின் உள்ளடக்கத்தையோ நாங்கள் கேட்கவில்லை. அவற்றை மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கும், அதோடு கடிதப் போர் தொடங்கிவிடும். கோப்பின் திகதிகளை மட்டும் கேட்டோம். ஆரம்ப விசாரணை அறிக்கை எந்தத் திகதியில் கையளிக்கப்பட்டது? அதற்குப் பிறகு கோப்பு எந்தெந்தத் திகதிகளில், எந்தப் பதவியிலுள்ளவருக்கு அனுப்பப்பட்டது? குற்றச்சாட்டுப் பத்திர வரைவு எப்போது தயாரானது? கொடுப்பதா இல்லையா என்ற தீர்மானத்தைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நினைவூட்டல் கடிதத்துக்குப் பிறகு பதில் வந்தது.

அறிக்கை 2010 பெப்ரவரியிலேயே கையளிக்கப்பட்டிருந்தது. அதற்கு அடுத்த பதிவு 2017 ஒக்டோபர். இடையில் ஒரு குறிப்புக்கூட இல்லை. ஏழு வருடமும் எட்டு மாதமும் அந்தக் கோப்பு யாரும் தொடாமல் கிடந்திருக்கிறது. அதிபர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் பேசவில்லை.

அன்றைக்கே ஒரு கால அட்டவணை போட்டேன். முதல் நிரலில் திகதி. இரண்டாவதில் என்ன நடந்தது. மூன்றாவதில், அடுத்த நகர்வு யாருடைய பொறுப்பு. நான்காவதில், அதைக் காட்டும் கடிதத்தின் இலக்கம். மூன்றாவது நிரலை நேர்மையாக நிரப்ப வேண்டும். விசாரணை 2019 பெப்ரவரியில் தொடங்கியது. ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு, அதனால் ஓர் அமர்வு போனது. 2020ல் கொரோனா. ஒரு முறை அதிபருக்குக் கண் சத்திரசிகிச்சை, நாங்களே தவணை கேட்டோம். இவை எதையும் திணைக்களத்தின் தலையில் போடவில்லை. விசாரணை உத்தியோகத்தர் மாறி, புதியவர் நியமிக்கப்படாமல் கிடந்த மாதங்களை மட்டும் அவர்கள் பக்கம் எழுதினோம். நம்முடைய தவணைகளை மறைத்து மொத்தமாகப் பன்னிரண்டு வருடம் என்று சொல்லப்போனால், அரச தரப்புச் சட்டத்தரணி எழுந்து அந்த ஒன்றைக் காட்டியே முழு அட்டவணையையும் சந்தேகத்துக்குரியதாக்கிவிடுவார்.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் கையில் இருக்கிறது. ஒரு சிறாப்பர் என்னிடம் வந்தார். காசுக் குறைவு, எண்ணிய அன்றைக்கே குறைவை ஏற்றுக் கையொப்பம் வைத்திருந்தார். ஆறு வருடம் இழுபட்டிருக்கிறது என்று கோபத்தோடு சொன்னார். அட்டவணை போட்டுப் பார்த்தால், மூன்றாவது நிரலில் பெரும்பாலும் அவர் பெயர்தான் வந்தது: மருத்துவச் சான்றிதழ், சட்டத்தரணி வரவில்லை, ஆவணம் கேட்டுத் தவணை. அத்தோடு பணம் சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டு, எழுத்திலுள்ள ஏற்பு, தொலைந்துபோன சாட்சி யாருமில்லை. தாமத வாதத்தில் பணத்தைச் செலவழிக்க வேண்டாம், தண்டனையைக் குறைக்கக் கேட்பதே வழி என்று சொல்லி அனுப்பினேன்.

அதிபரின் விசாரணையின் முதல் அமர்விலேயே ஒரு வேலை செய்தோம். தாமதத்தைப் பற்றிய ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து, அதை நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொன்னோம். வாயால் சொன்னால் போதாது. முழு விசாரணையிலும் பேசாமல் பங்குபற்றிவிட்டு, தீர்ப்பு எதிராக வந்த பிறகு தாமதத்தைப் பற்றிப் பேசினால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். விசாரணை உத்தியோகத்தருக்குக் குற்றச்சாட்டை இரத்துச் செய்யும் அதிகாரம் இல்லை, அது எங்களுக்கும் தெரியும். பதிவு வேண்டும், அவ்வளவுதான். அப்புறம் சில மாதங்களுக்கு ஒருமுறை பதிவுத் தபாலில் ஒரு கடிதம். ‘விசாரணையை நிறுத்துங்கள்’ என்றல்ல, ‘விரைவாக முடித்துத் தாருங்கள், நான் தயாராக இருக்கிறேன்’ என்று. முடிக்கச் சொல்லிக் கேட்டும் முடிக்கவில்லை என்பது பின்னால் மிகவும் உதவியது.

ஆனால் நீதிமன்றம் போவதில் பெரிய தடை ஒன்று இருந்தது. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி, அடிப்படை உரிமை மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள், நம் நாட்டின் மிக உயர்ந்த மன்றமான உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அரசாங்க சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்தின்கீழ் எடுக்கப்படும் தீர்மானங்களைப் பொறுத்தவரை, அந்த மனுவுக்கும் நிருவாக மேன்முறையீட்டு நியாயசபைக்கும் வெளியே வேறு மன்றத்துக்குப் போவதை 61அ உறுப்புரை பெரும்பாலும் அடைத்துவிடுகிறது. குற்றச்சாட்டுப் பத்திரம் வந்தது 2018 ஆகஸ்டில். அப்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை. செப்டெம்பரோடு அந்தக் கதவு மூடிவிட்டது. தாமதம் தொடர்ந்து நடக்கும் மீறல் என்று வாதிடலாம், ஆனால் அதை மட்டும் நம்பிக் கொழும்புக்குப் போவதற்கு எங்கள் சட்டத்தரணி தயாராக இல்லை.

2021 நவம்பரில் அதிபருக்கு அறுபது வயது. விசாரணை முடியவில்லை. ஓய்வு கொடுக்கும் கடிதத்தில், ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின் 12ஆம் பிரிவுக்கு உட்பட்டு என்று எழுதி அனுப்பினார்கள். நிலுவையிலுள்ள ஒழுக்காற்று நடவடிக்கையின் முடிவைப் பொறுத்து ஓய்வூதியத்தைக் குறைக்கலாம், நிறுத்தியும் வைக்கலாம் என்பதுதான் அதன் பொருள். வீட்டில் எல்லாரும் உடைந்துபோனார்கள். சட்டத்தரணி மட்டும் கடிதத்தின் திகதியைப் பார்த்துவிட்டு, “இது புதிய தீர்மானம். இன்றிலிருந்து நமக்கு ஒரு மாதம் இருக்கிறது” என்றார்.

ஒரு மாதத்துக்குள் மனு போனது. அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையிலுள்ள சமத்துவ உரிமையின் மீறல்: ஏழு வருடம் எட்டு மாதம் விளக்கமில்லாமல் கோப்பை வைத்திருந்துவிட்டு, அந்த நிலுவையையே காரணம் காட்டி ஓய்வூதியத்தில் கை வைப்பது எதேச்சாதிகாரம் என்பதுதான் வாதம். கால அட்டவணை, தகவல் அறியும் உரிமைப் பதில், முதல் அமர்வு ஆட்சேபனை, பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள் எல்லாம் இணைப்பாகப் போயின. ஒரு மாதம் நெருக்கடியாக இருக்கிறவர்கள் அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. அங்கே உண்மையிலேயே விசாரணை நடக்கிறது என்று காட்டும் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

மனுவை விசாரணைக்கு ஏற்பதா என்று பார்க்க எடுத்துக்கொள்ளப்பட்ட நாளில் அரச தரப்பு அறிவுறுத்தல் பெறத் தவணை கேட்டது. அடுத்த தவணையில், குற்றச்சாட்டுகளைத் தொடர்வதில்லை என்று ஒழுக்காற்று அதிகாரி தீர்மானித்திருப்பதாகத் தெரிவித்தார்கள். அந்த உறுதியைப் பதிவில் ஏற்றிவிட்டு மனுவை மீளப் பெற்றோம். ஆகவே இந்த விவகாரத்தில் தீர்ப்பு என்று ஒன்று இல்லை, எவரும் இதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. ஏழு வருட வெற்றிடத்துக்கு ஒரு சத்தியக்கடதாசியில் என்ன விளக்கம் எழுதுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, அதனால்தான் முடிந்தது என்பது என் எண்ணம். வேறு ஒரு திணைக்களம் அதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்திருக்கக்கூடும். விசாரணைக்குக் கால எல்லை போட்டு முடிக்கச் சொல்வதோடு நீதிமன்றமும் நின்றிருக்கக்கூடும். 2015ல் பிரேம்நாத் பாலி வழக்கில், ஒன்பது வருடத்துக்கு மேல் பணித்தடையில் இருந்தவரின் மனுவைப் பார்த்த இந்திய உச்ச நீதிமன்றம், இனிமேல் விசாரணைகளை ஆறு மாதத்துக்குள், தவிர்க்கமுடியாவிட்டால் ஒரு வருடத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்றது. இரத்து கிடைக்காவிட்டாலும் அப்படி ஒரு கால எல்லை கிடைத்தால் அதுவும் பெரிய விசயம். மனுவில் மாற்று நிவாரணமாக அதைக் கட்டாயம் கேட்டு வைக்க வேண்டும், நாங்களும் கேட்டிருந்தோம்.

நீதிமன்றத்தோடு வேலை முடியவில்லை. ‘குற்றச்சாட்டுகளைத் தொடர்வதில்லை’ என்ற கடிதம் சுயவிபரக் கோவைக்குள் போய்ச் சேர வேண்டும். 12ஆம் பிரிவின் கீழ் ஓய்வு என்பதை நீக்கித் திருத்திய ஓய்வுக் கடிதம் வர வேண்டும். அது வராமல் ஓய்வூதியத் திணைக்களம் அசையாது. நிறுத்தி வைத்திருந்த தர உயர்வைப் பின்திகதியிட்டுக் கொடுத்தால்தான் ஓய்வூதியம் சரியான சம்பளப் படியில் கணிக்கப்படும். இதற்கு வேறாக ஒரு விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. திருத்திய கடிதம் 2022 கடைசியில் வந்தது. தர உயர்வு விண்ணப்பம் இன்னும் ஒரு மேசையில் இருக்கிறது. அதற்கும் புதிதாக ஓர் அட்டவணை போட்டு, முதல் நிரலில் நாங்கள் கையளித்த திகதியை எழுதி வைத்திருக்கிறேன்.